மடியில் கனமில்லை, ஆனாலும் மறிக்கிறார்கள்

"வி.பி.என். போட்டா அப்படித்தான் வரும், ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க." "குக்கீ எல்லாத்தையும் அழிச்சிட்டு வாங்க." "ஆபீஸ் நெட்டுல யாராவது ஏதாவது பண்ணியிருப்பாங்க, நாம என்ன செய்ய முடியும்?" கேப்சா சுழலில் மாட்டிக்கொண்டவர் யாரிடம் போய்ச் சொன்னாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் நினைப்பது இன்னொன்று: மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? ஒளிக்க எதுவும் இல்லாதவர் ஏன் வி.பி.என். போட வேண்டும்? நாலு படத்தில் சிக்னல் கம்பம் எங்கே என்று தொட்டுக் காட்டினால் முடிந்தது, அதற்கு ஏன் இவ்வளவு புலம்பல்?

பதினான்கு வருடமாக அலுவலகங்களுக்கு நெட்வொர்க் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். இந்தப் பதில்களை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவை தவறு என்று இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனை பெரும்பாலும் ஆளைப் பார்ப்பதில்லை, ஆள் எந்த முகவரியிலிருந்து வருகிறார் என்பதைப் பார்க்கிறது. விடை சரியாக இருந்தும் உள்ளே விடாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றில் பல உட்கார்ந்து கிளிக் செய்கிறவரின் கையில் இல்லை. அப்படியிருக்க, திருத்திக்கொள்ள வேண்டியவர் அவர்தான் என்று சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே கட்டடத்தில் நாலு சிறு நிறுவனங்கள், எல்லோருமாக நூறு பேருக்கு மேல், எல்லோருக்கும் ஒரே இணைய ஏற்பாடு. மாதத்தின் 20ஆம் தேதி. ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் என்பது கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா, சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் தளத்திலிருந்து விலைப்பட்டியல்களை இறக்க வேண்டும். தளம் திறந்ததும், "நீங்கள் மனிதர்தானா என்று சரிபார்க்கிறோம்" என்ற பக்கம் வந்தது. கட்டத்தில் டிக் செய்தார். பச்சை டிக் விழுந்தது. பக்கம் ஒரு முறை மினுக்கியது. மறுபடியும் அதே பக்கம், அதே கட்டம். மறுபடி டிக், மறுபடி மினுக்கல். நான் போவதற்குள் இருபது நிமிடம் ஓடிவிட்டது. "தம்பி, நான் மனுஷிதான்னு இன்னும் எத்தனை தடவைதான் சொல்றது?" என்றார். அவர் கம்ப்யூட்டரில் வி.பி.என். எதுவும் இல்லை.

வழக்கப்படி நான் குக்கீகளை அழித்தேன். வேறு பிரவுசரில் திறந்தேன். நிலைமை முன்னைவிட மோசமானது. இதுவரை ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, அந்தத் தளத்தின் உள்நுழைவுப் பக்கத்தில் இப்போது படக் கேள்விகளும் சேர்ந்துகொண்டன. பேருந்து, மாடிப்படி, தீயணைப்புக் குழாய். ஒவ்வொரு படமும் மெதுவாக மங்கி மறைந்து, புதுப் படம் மெதுவாகத் தெளிந்து வர வேண்டியிருந்தது.

"குக்கீயை அழியுங்கள்" என்ற அறிவுரை ஏன் பல சமயம் எதிர்விளைவைத் தருகிறது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் சோதனைகள் படத்துக்கான விடையை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. பிரவுசரில் பழைய குக்கீ இருக்கிறதா, இதற்கு முன் ஒழுங்காகப் புழங்கிய தடம் இருக்கிறதா, முகவரி எப்படிப்பட்டது என்று பலவற்றைச் சேர்த்து மதிப்பிடுகின்றன. கூகுளின் ரீகேப்சா மூன்றாம் பதிப்பு இதை வெளிப்படையாகவே செய்கிறது: 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண், 1க்குப் பக்கத்தில் இருந்தால் மனிதர், 0க்குப் பக்கத்தில் இருந்தால் இயந்திரம். நல்ல பெயர் இல்லாத முகவரியிலிருந்து வருகிறவருக்குத் துணையாக இருந்தது பழைய குக்கீ ஒன்றுதான். அதையும் அழித்துவிட்டால், ஊர் பேர் தெரியாத புது ஆளாகக் கதவைத் தட்டுவது போல ஆகிறது. குக்கீ கெட்டுப்போயிருந்தால் அழிப்பது உதவும், உண்மைதான். ஆனால் எல்லா நோய்க்கும் அதே மருந்து என்று கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த அக்காவின் பிரச்சினைக்கு வருகிறேன். என் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தேன். ஒரே டிக்கில் தளம் திறந்தது. அதே ஆள், அதே கம்ப்யூட்டர், அதே பிரவுசர். மாறியது வெளியே தெரியும் முகவரி மட்டும்தான். விலைப்பட்டியல்களை அவர் அப்படியே இறக்கிக்கொண்டார். தாக்கலுக்குக் கடைசி நாள் என்பதால் நானும் அதோடு விட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கே இன்னும் மூன்று பேர் இதையே சொன்னார்கள். எனவே அலுவலக இணைப்பிலிருந்து இந்தச் சிறு கட்டளையை ஓட்டினேன்.

```
for i in 1 2 3 4 5 6; do
  curl -4 -s https://www.cloudflare.com/cdn-cgi/trace | grep ^ip=
done
```

நாம் எந்த முகவரியிலிருந்து வருவதாக வெளியுலகுக்குத் தெரிகிறது என்பதை ஆறு முறை கேட்டுச் சொல்லும் கட்டளை இது. ஆறு வரியும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். எனக்கு வந்தது இப்படி (எண்களை மாற்றியிருக்கிறேன்):

```
ip=203.0.113.18
ip=198.51.100.7
ip=203.0.113.18
ip=198.51.100.7
ip=198.51.100.7
ip=203.0.113.18
```

கட்டடத்துக்கு இரண்டு நிறுவனங்களிடமிருந்து இரண்டு ஃபைபர் லைன். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கட்டும், இரண்டும் இருக்கும்போது சுமையைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்று முன்பு யாரோ ரவுட்டரில் லோட் பேலன்சிங் போட்டிருந்தார். அவர் போட்டிருந்த விதத்தில் ஒவ்வொரு புது இணைப்பும் எந்த லைனில் வேண்டுமானாலும் வெளியே போகும். ஒரு வலைப்பக்கம் திறக்கவே பத்து இருபது இணைப்புகள் ஆகும். அதில் பாதி ஒரு முகவரியிலிருந்தும் பாதி வேறொரு முகவரியிலிருந்தும் போயிருக்கிறது.

சோதனைப் பக்கம் வேலை செய்யும் முறையைப் பார்த்தால் சுழல் ஏன் வந்தது என்று புரியும். டிக் செய்து தேறியதும் தளம் பிரவுசருக்கு ஒரு அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. அது ஒரு குக்கீ. கிளவுட்ஃபிளேர் பாதுகாப்பில் இருக்கும் தளங்களில் அதன் பெயர் `cf_clearance`. ஒருவர் வாங்கிய சீட்டை ஆயிரம் இயந்திரங்கள் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்பதால், யார் தேறினாரோ அவருக்கு மட்டுமே அது செல்லும். கேள்வி ஒரு முகவரிக்குப் போய், விடை வேறொரு முகவரியிலிருந்து வந்தால், யாரோ திருடிய சீட்டு என்றே அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அக்கா ஒவ்வொரு முறையும் தேறித்தான் இருந்தார். தேறிய ஒவ்வொரு முறையும் ரவுட்டர் அவரை வேறு வாசல் வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

திருத்தம் ரவுட்டரில் ஒரு சொல்தான். எங்களிடம் இருந்தது மைக்ரோடிக். அதில் இணைப்புகளைப் பிரிக்கும் விதி இப்படி இருந்தது:

```
per-connection-classifier=both-addresses-and-ports:2/0
```

இதை இப்படி மாற்றினேன், இரண்டாவது லைனுக்கான `2/1` வரியிலும்:

```
per-connection-classifier=src-address:2/0
```

முன்னது ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. பின்னது ஆளுக்கு ஒரு லைன் என்று பிரிக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் எந்த லைனில் போகிறதோ அதிலேயே நிற்கும், லைன் விழுந்தால்தான் மாறும். மற்ற ரவுட்டர்களிலும் இதற்கு அமைப்பு உண்டு, பெயர்தான் வேறு. மாற்றிய பிறகு கட்டளையை ஓட்டினேன், ஆறு வரியும் ஒரே எண். அந்தச் சுழல் அதற்குப் பிறகு வரவில்லை.

வி.பி.என். போட்டவர்களுக்கு வரும் சுழலிலும் இதே கதை அடிக்கடி ஒளிந்திருக்கிறது. சில வி.பி.என்.கள் பழைய பாணி ஐ.பி.வி4 போக்குவரத்தை மட்டும் தங்கள் குழாய் வழியே எடுத்துப் போகும், ஐ.பி.வி6 நேராக வீட்டு லைனில் போய்விடும். தளம் ஒரு வழியிலும் சோதனைப் பெட்டி இன்னொரு வழியிலும் திறக்கும். மேலே உள்ள கட்டளையில் `-4` என்பதை `-6` என்று மாற்றிப் பாருங்கள். வி.பி.என். ஓடும்போதும் உங்கள் வீட்டு இணைப்பின் முகவரியே வந்தால் காரணம் அதுதான். இதில் பயனரின் நடத்தையில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஆனால் சுழல் போனதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. படக் கேள்விகள் நிற்கவில்லை. இரண்டும் வேறு வேறு நோய் என்பதை அன்றைக்குத்தான் தெளிவாகப் பார்த்தேன். தேறியதாகக் காட்டிவிட்டு மறுபடி தொடக்கத்துக்கே கொண்டுவந்து விட்டால், சீட்டோ முகவரியோ இடையில் மாறுகிறது. படங்கள் கூடிக்கொண்டே போய், மெதுவாக மங்கி, சரியாகச் சொன்னாலும் இன்னொன்று இன்னொன்று என்று வந்தால், முகவரிக்குக் கெட்ட பெயர். எங்கள் விஷயத்தில் கெட்ட பெயருக்குக் காரணம், அதே கட்டடத்தில் வேறு ஒரு நிறுவனத்தார் போட்டியாளர்களின் விலைகளை அள்ளிவர ஓட்டிவிட்ட ஒரு சிறு நிரல். இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த அக்காவுக்கு அவர்கள் யாரென்றே தெரியாது.

பழைய சென்னையின் ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கதவு எண், உள்ளே எட்டுக் குடித்தனம். மூன்றாவது போர்ஷன்காரர் கடன் வாங்கிக்கொண்டு கட்டவில்லை என்பதற்காக, அந்தக் கதவு எண்ணைச் சொன்னாலே கடைக்காரர் எட்டுக் குடும்பத்துக்கும் சாமான் கொடுக்க மறுத்தால் எப்படி? இணையத்தில் நடப்பது அதுதான். ஐ.பி.வி4 முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு இணையத்துக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் முகவரியைப் பகிர்ந்துகொண்டுதான் வாழ்கிறார்கள். ஒரு பொது முகவரியில் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் போர்ட்டுகள் உண்டு. இணைய நிறுவனம் வீட்டுக்கு ஆயிரம் என்று பங்கிட்டால், ஒரே முகவரியில் அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் குடியிருக்கும். போன் டேட்டாவில் இருப்பவர்களுக்கும் ஐ.பி.வி4 வழியாகப் போகும்போது இதே நிலைதான். "நான் வி.பி.என். எதுவும் போடவில்லை, எனக்கு இது வராது" என்று நினைப்பவர்களும் இந்த ஒண்டுக்குடித்தனத்தில்தான் இருக்கிறார்கள், கதவு எண் மேல் இன்னும் புகார் வரவில்லை, அவ்வளவுதான்.

இது யாரும் எதிர்பாராமல் வந்த வினை இல்லை. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். 2011 ஜூனில் ஆர்.எஃப்.சி. 6269 என்ற ஆவணத்தை வெளியிட்டது. முகவரியைப் பகிர்ந்தால் என்னென்ன சிக்கல் வரும் என்பது மட்டுமே அதன் பொருள். ஒருவர் செய்த குற்றத்துக்கு முகவரியைத் தண்டித்தால், அதைப் பகிரும் அத்தனை பேரும் தண்டனை அனுபவிப்பார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அதற்கும் முன்பே கத்தார் நாட்டில் நடந்து காட்டிவிட்டது. 2007 புத்தாண்டை ஒட்டி, ஆங்கில விக்கிப்பீடியாவில் விஷமம் செய்துகொண்டிருந்த ஒரு முகவரியை நிர்வாகி ஒருவர் தடை செய்தார். அந்த நாட்டின் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே முகவரி வழியாகத்தான் வெளியே வந்துகொண்டிருந்தது. பயனர் கணக்கு இல்லாமல் தொகுப்பவர்கள் நாடு முழுக்கச் சில மணி நேரம் தடுக்கப்பட்டார்கள். முகவரிதான் ஆள் என்று நினைத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

கூகுள் தேடலில் வரும் "உங்கள் நெட்வொர்க்கிலிருந்து வழக்கத்துக்கு மாறான போக்குவரத்து" என்ற பக்கத்தைக் கடைசி வரி வரை படித்தவர்கள் குறைவு. இணைப்பைப் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்றால், அதே முகவரியைப் பயன்படுத்தும் வேறு கம்ப்யூட்டர் காரணமாக இருக்கலாம் என்று அந்தப் பக்கமே ஒப்புக்கொள்கிறது. நிறுத்தியவரே "நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்" என்று எழுதி வைத்திருக்க, நம் ஊரில் பக்கத்து நாற்காலிக்காரர் "நீ என்ன பண்ணினே?" என்று கேட்கிறார்.

சரி, தவறாகச் சிலரைப் பிடித்தாலும் திருடர்களைத் தடுக்கிறதே, அந்தப் பயனுக்காகப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா? எதிர்த் தரப்பின் பலமான கேள்வி இது. தளம் நடத்துகிறவர்களின் வேதனை பொய்யில்லை. எங்கோ களவுபோன கடவுச்சொற்களை லட்சக்கணக்கில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உள்ளே நுழைகிறதா என்று இயந்திரத்தை விட்டுப் பார்க்கிறார்கள். மலிவான வி.பி.என். முகவரிகளை அவர்கள் பயன்படுத்துவதும் உண்மை. ஆகவே ஏதாவது ஒரு தடுப்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. படக் கேள்வி அந்தத் தடுப்பாக இருக்கிறது என்பதைத்தான் மறுக்கிறேன்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையில் 2023இல் வெளிவந்த ஆய்வு 1,400 பேரை வைத்துக் கேப்சாக்களைச் சோதித்தது. நெளிந்த எழுத்துக் கேப்சாவில் மனிதர்கள் 9 முதல் 15 விநாடி எடுத்துக்கொண்டு, வகைக்கு ஏற்ப 50 முதல் 84 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். இயந்திரங்கள் ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய முழுவதும் சரியாகச் சொல்வதாக முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்தன. அடுத்த வருடம் ஜூரிச் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தார் ரீகேப்சா இரண்டாம் பதிப்பின் படக் கேள்விகளை, எவரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடிய படம் அறியும் நிரலை வைத்தே நூற்றுக்கு நூறு கடந்தார்கள். அவர்கள் கவனித்த இன்னொன்று நம் பேச்சுக்கு நேராகப் பொருந்துகிறது: தேறுவதற்கு மனிதர் விடை சொல்ல வேண்டியிருந்த கேள்விகளின் எண்ணிக்கைக்கும் இயந்திரத்துக்கு வந்த எண்ணிக்கைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குக்கீயும் பழைய தடமும் இருக்கிறதா என்பதே பெரிதும் முடிவு செய்தது. அந்தச் சோதனையில் இயந்திரமும் வி.பி.என். வழியாகத்தான் போனது, ஒவ்வொரு முறையும் முகவரியை மாற்றிக்கொண்டு. முகவரியை மாற்றிக்கொண்டே இருக்க வசதியுள்ள இயந்திரம் போய்விடுகிறது. மாத வாடகை கட்டி ஒரே லைனில் உட்கார்ந்திருக்கும் அலுவலகம் மாட்டிக்கொள்கிறது.

இயந்திரம் கூட வேண்டாம். காசு கொடுத்தால் ஆள் வைத்துத் தீர்த்துத் தரும் கடைகள் பல வருடமாக இருக்கின்றன. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள் 2010இலேயே அவற்றை ஆராய்ந்தார்கள். அப்போது ஆயிரம் கேப்சாவுக்கு ஒரு டாலர் அளவில் விலை, வேலை செய்பவருக்கு அதிலும் பாதி. திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் எந்த மொழி தெரிந்தவர்கள் என்று அறிய, பல மொழிகளில் கேப்சா செய்து அனுப்பிப் பார்த்தார்கள். அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது. இந்தியா போன்ற கூலி குறைந்த நாடுகளில்தான் இந்த வேலை நடக்கிறது என்பது அவர்களின் முடிவுகளில் ஒன்று. ஆக, கொள்ளையடிக்க வருகிறவருக்குக் கதவைத் திறக்க அன்றைக்கே ஆன செலவு ஆயிரத்துக்கு ஒரு டாலர். கணக்கு எழுத வந்தவருக்கு இருபது நிமிடமும் ஒரு கடைசி நாளும்.

எல்லோரையும்விட அதிகம் அடிபடுகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பார்வையற்றவர்கள் படத்துக்குப் பதிலாக ஒலியைக் கேட்டு விடை எழுதலாம் என்று ரீகேப்சா இரண்டாம் பதிப்பில் ஹெட்போன் படம் போட்ட பொத்தான் உண்டு. முகவரிக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டால் அதை அழுத்தியதும் ஒலி வராது. உங்கள் கம்ப்யூட்டரோ நெட்வொர்க்கோ தானியங்கிக் கேள்விகளை அனுப்பிக்கொண்டிருக்கலாம், இப்போதைக்கு உங்கள் கோரிக்கையை ஏற்க முடியாது, பிறகு முயலுங்கள் என்ற செய்திதான் வரும். அதாவது, படத்தைப் பார்க்க முடிந்தவருக்கு இன்னும் பத்துப் படம் காட்டப்படும். பார்க்க முடியாதவருக்கு வாசலே அடைக்கப்படும். கல்லூரி விடுதியில், நூலகத்தில், அலுவலகத்தில், எங்கெல்லாம் நெட் பொதுவாக இருக்கிறதோ அங்கெல்லாம் இது நடக்கலாம். "நாலு படம்தானே" என்று சொல்கிறவர்கள் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்கட்டும்.

இனி வி.பி.என். போடுகிறவர்கள். அதை ஆஃப் செய்வது பலரின் விருப்பத்தில் இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் லேப்டாப்பில் நிறுவனமே வி.பி.என். போட்டுப் பூட்டிக் கொடுக்கிறது. பல இடங்களில் எல்லாப் போக்குவரத்தும் வெளிநாட்டில் இருக்கும் தலைமையகத்தின் வழியாகச் சுற்றித்தான் வெளியே வரும். அம்பத்தூரில் உட்கார்ந்திருக்கும் பெண் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து வருவதாகத் தெரிவார். காலையில் போனில் சென்னை, பதினோரு மணிக்கு லேப்டாப்பில் ஜெர்மனி. கணக்கை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று வங்கித் தளமோ மின்னஞ்சலோ பதறுவது இதனால்தான். ஆஃப் செய்தால் வேலை விதிகளை மீறியதாக ஆகும்.

சொந்தமாகக் காசு கட்டி வி.பி.என். வைத்திருப்பவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் ஆணை வெளியிட்டது. வி.பி.என். சேவை தருபவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. விவரம் எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று சொல்லியே தொழில் நடத்திய பெரிய நிறுவனங்கள் பல, தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. இப்போது நம் ஊர்க்காரர் சிங்கப்பூரிலோ வேறெங்கோ இருக்கும் சர்வர் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது, ஆயிரக்கணக்கானோர் பகிரும் முகவரியில். ரயில் நிலையத்து வைஃபையில் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர், செய்தி சேகரிக்கும் நிருபர், கணவனின் கண்காணிப்புக்குத் தப்ப வேண்டிய பெண், எல்லோரும் அதே கதவு எண்ணில்தான் நிற்கிறார்கள். இவர்களின் மடியில் கனம் இருக்கத்தான் செய்கிறது. அது திருட்டுப் பொருள் இல்லை, காப்பாற்றிக்கொள்ள வேண்டிய சொந்தப் பொருள். அதைக் கையில் வைத்திருப்பதே குற்றத்துக்கு அடையாளம் என்ற பேச்சை எந்தக் காலத்திலும் ஏற்க முடியாது.

வேறு என்னதான் செய்வது என்று கேட்கும் தளக்காரர்களுக்கு: கடவுச்சொல் திருடர்களை முகவரியை வைத்து எண்ணாதீர்கள், கணக்கை வைத்து எண்ணுங்கள். ஒரே கணக்கில் ஐந்து முறை தவறான கடவுச்சொல் வந்தால் அந்தக் கணக்குக்கு மட்டும் தடை போடுங்கள், இரண்டாவது சரிபார்ப்பு கேளுங்கள். முன்பே உள்ளே வந்து போன பிரவுசரை வாசலிலேயே மறிக்க வேண்டாம். பொது முகவரிதானா என்று பார்த்து, அப்படியானால் வரம்பைத் தளர்த்துங்கள். ரீகேப்சா நிர்வாகப் பக்கத்தில் பயனருக்கு எளிது, மிகக் கண்டிப்பு என்று இரு முனைகளுக்கு இடையே நகர்த்தும் ஓர் அமைப்பு இருக்கிறது. ஏதோ ஒரு நாள் தாக்குதல் வந்தபோது கண்டிப்பின் பக்கம் தள்ளிவிட்டு, பிறகு மறந்துபோன தளங்களை நான் பார்த்திருக்கிறேன். கிளவுட்ஃபிளேரில் தாக்குதல் நேரத்துக்கென்று இருக்கும் நிலையை மாதக்கணக்கில் அப்படியே விட்டு வைத்தவர்களும் உண்டு. ஒரு விலைப்பட்டியலை இறக்க வருகிறவரைப் படையெடுப்பாளராக நடத்துவதன் நஷ்டம் உங்கள் அறிக்கை எதிலும் வராது. போனவர் சொல்லிக்கொண்டு போவதில்லை.

என்னைப் போல நெட்வொர்க் பார்ப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். புகார் வந்ததும் "அந்தத் தளத்தில்தான் பிரச்சினை" என்று அனுப்பிவிடாமல், மேலே சொன்ன ஆறு வரிகளை ஒரு முறை பாருங்கள். ஃபயர்வாலிலோ டி.என்.எஸ். வடிகட்டியிலோ `challenges.cloudflare.com` அடைபட்டிருக்கிறதா பாருங்கள். அடைபட்டிருந்தால் சோதனைப் பெட்டியே முழுதாக வராது, சுற்றிக்கொண்டே இருக்கும். விருந்தினர் வைஃபைக்கும் ஊழியர்களுக்கும் வெளியே போகும் முகவரியைப் பிரித்துக் கொடுங்கள். நாங்கள் செய்ததும் அப்படி ஒரு பிரிப்புதான். விலை அள்ளும் நிரலுக்கு அந்த நிறுவனத்தார் செலவிலேயே தனி லைன் போடச் சொன்னோம், போட்டார்கள். பழைய முகவரிக்குப் பெயர் மீண்டு வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

மாட்டிக்கொண்ட வாசகருக்கு: முதலில் அதே கம்ப்யூட்டரைப் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத் திறந்து பாருங்கள். அங்கே உடனே திறந்தால், காரணம் நீங்களோ உங்கள் பிரவுசரோ இல்லை, முகவரியோ நெட்வொர்க்கோதான். உங்கள் நெட்வொர்க் ஆளிடம் அதைச் சொல்லுங்கள். தளத்துக்கும் எழுதுங்கள். கிளவுட்ஃபிளேர் சோதனைப் பக்கத்தின் அடியில் `Ray ID` என்று ஒரு நீண்ட எண் இருக்கும். கூகுள் பக்கத்தில் உங்கள் ஐ.பி. முகவரியும் நேரமும் இருக்கும். அதைப் படம் பிடித்து, என்ன செய்ய வந்தீர்கள், எத்தனை நிமிடம் போனது என்று இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள். `Ray ID` எண்ணை வைத்து, எந்த விதி உங்களை மறித்தது என்பதைத் தளக்காரரால் தேடி எடுக்க முடியும்.